நடுக்கோடு தவறாத பேன்ட்: அடிப்படை வரைவு, பாக்கெட், ஜிப், இடுப்புப்பட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கடைக்குத் தையல் கற்க வருபவர்கள் பெரும்பாலும் பிளவுஸும் சுடிதாரும் தைத்துப் பழகியவர்கள். அவர்களுக்கு மெஷின் நன்றாக ஓடும், கை நேராகப் போகும். ஆனாலும் பேன்ட்டுக்கு வந்ததும் ஜிப் வைக்கும் இடத்தில் நின்றுவிடுவார்கள். ஜிப் வெளியே தெரிகிறது, இடுப்புப்பட்டியின் இடது முனை வலது முனையைவிட ஏறி நிற்கிறது, பாக்கெட் துணி ஜிப் தையலில் மாட்டிக்கொள்கிறது என்று அவர்கள் சொல்லும் குறைகளைத் தொடர்ந்து பார்த்தால், அனேகமாக எல்லாமே ஒரே கோட்டில் போய் முடியும். முன்பாகத்தின் நடுவில் நாம் தாளில் போடும் நிலைக்கோடுதான் அது. நான் அதை நடுக்கோடு என்கிறேன். தாளில் போட்ட அந்தக் கோடு துணியில் கடைசித் தையல்வரை அழியாமல் இருந்தால், பேன்ட்டின் கடினமான வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே பொருந்தி வரும். ஆகவே ஒரே ஒரு அளவை எடுத்துக்கொண்டு, முன்னிடுப்பில் டக் மடிப்பு இல்லாத சாதாரண ஆண்கள் பேன்ட் ஒன்றை, வாய் சாய்வாக வரும் கிராஸ் பாக்கெட்டுடன், இங்கே முழுமையாக வரைந்து தைக்கிறேன்.

அளவுகள் அங்குலத்தில் இருக்கும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நம் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கால் அங்குலம் என்றால் இரண்டு நூல்.

அளவும் துணியும்

என் தங்கை மகனுக்குத் தைத்த அளவையே எடுத்துக்கொள்கிறேன். இடுப்பு 32, சீட் 38, வெளிநீளம் 41, உள்நீளம் 30, முட்டிச் சுற்று 18, பாட்டம் சுற்று 16. சீட் அளவை எடுக்கும்போது பைகளில் மொபைலோ பர்ஸோ இருக்கக் கூடாது. டேப்பைப் பின்புறம் மிகவும் எடுப்பாக இருக்கும் இடத்தின்மீது, தரைக்கு இணையாக, இறுக்காமல் சுற்ற வேண்டும். வெளிநீளத்தை அவர் பேன்ட் அணியும் இடத்திலிருந்து, பட்டியின் மேல்விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். தொப்புளில் தொடங்கும் அளவு வேறு, இடுப்பெலும்பின்மேல் தொடங்கும் அளவு வேறு.

வெளிநீளத்திலிருந்து உள்நீளத்தைக் கழித்தால் 11 வருகிறது. அதில் இடுப்புப்பட்டி 1½ அங்குலம். அதை நீக்கினால் 9½ அங்குலம் மீதி. இதுதான் பட்டியின் அடியிலிருந்து கவட்டைவரை உள்ள ஆழம். சீட்டில் கால்பங்கு எடுத்தாலும் இந்த உடம்புக்கு 9½ வருவதால் அளவு சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்பலாம். இரண்டு விடைகளும் ஒரு அங்குலத்துக்குமேல் வேறுபட்டால் வரையத் தொடங்காமல் மீண்டும் ஒருமுறை அளவெடுப்பதே நல்லது.

துணி 58 அங்குல அகலத்தில் 1.30 மீட்டர் போதும். கோடவுன் தெருவில் பேன்ட் பிட் வாங்குபவர்கள் கொஞ்சம் கனமான, எளிதில் இழுபடாத காட்டன் துணியை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டும்; வழுக்கும் பாலியஸ்டரில் ஜிப் கற்பது வீண் சிரமம். பாக்கெட் துணி ½ மீட்டர், பட்டிக்கான கேன்வாஸ், 8 அங்குல நைலான் ஜிப், ஒரு ஜோடி பேன்ட் கொக்கி ஆகியவற்றைச் சவுகார்பேட்டைக் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் மலிவான இரும்புக் கொக்கி சில மாதங்களிலேயே துருவைக் கக்கிப் பட்டியில் கறையாக்கிவிடும் என்பதால், கொக்கியை மட்டும் துருப்பிடிக்காததாகக் கேட்டு வாங்குங்கள். பேன்ட் துணி, பாக்கெட் துணி இரண்டையும் வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தித் தேய்க்க வேண்டும். பாக்கெட் துணி மட்டும் பின்னால் சுருங்கினால், நன்றாக அமைந்த பேன்ட்கூடப் பக்கவாட்டில் சுருண்டு நிற்கும்.

முன்பாகத்தின் வரைவு

பழுப்புத் தாளில் தையல் இடம் சேர்க்காமல் வரைய வேண்டும். இடதுபக்கம் ஒரு நிலைக்கோடு போடுங்கள், அது பக்கக்கோடு. அதன் உச்சியில் குறுக்காக இடுப்புக்கோடு. அதிலிருந்து 9½ கீழே கவட்டைக்கோடு. கவட்டையிலிருந்து 3 அங்குலம் மேலே சீட் கோடு. கவட்டையிலிருந்து 30 கீழே பாட்டம் கோடு. முட்டிக்கோடு உள்நீளத்தின் பாதியான 15-இல் வராது. அதைவிட 2 அங்குலம் மேலே, அதாவது கவட்டையிலிருந்து 13 கீழே போட வேண்டும்.

சீட்டின் கால்பங்கு 9½. அதனுடன் ¼ சேர்த்து 9¾ அங்குலத்தைப் பக்கக்கோட்டிலிருந்து அளந்து, கவட்டைக்கோட்டிலிருந்து இடுப்புக்கோடுவரை இரண்டாவது நிலைக்கோட்டைப் போடுங்கள். நடுக்கோடு இங்கிருந்து பிறக்கிறது. கவட்டைக்கோட்டில் அதற்கு வெளியே ஃபோர்க் எனப்படும் கவட்டை நீட்டலுக்காக 2 அங்குலம் நீட்டுங்கள். சீட்டை 20-ஆல் வகுத்தால் 1.9 வரும், அதைத்தான் 2 என்று எடுத்திருக்கிறோம். இப்போது கவட்டையில் முன்பாகத்தின் அகலம் 11¾. அதன் சரிபாதி 5 அங்குலம் 7 நூல். அந்தப் புள்ளி வழியாக மேலிருந்து கீழ்வரை போடும் கோடுதான் கிரீஸ் விழும் கோடு. துணியில் வைக்கும்போது இந்தக் கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். இரண்டு நூல் சாய்ந்தாலும், தைத்து முடித்து ஒருமுறை துவைத்ததும் கால் முறுக்கிக்கொண்டு போகும்.

கிரீஸ் கோட்டின் இருபுறமும் முட்டியில் 4¼, பாட்டத்தில் 3¾ குறியுங்கள். மேலே இடுப்புக்கோட்டில் இரண்டாவது நிலைக்கோட்டிலிருந்து ½ அங்குலம் உள்ளே வந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து பக்கம் நோக்கி 8½ அளந்தால், அது பக்கக்கோட்டிலிருந்து ¾ உள்ளே விழும். இந்த 8½ என்பது இடுப்பின் கால்பங்கான 8-உடன் ½ சேர்த்தது. இடுப்பின் அரை அங்குல உள்வாங்கலைச் சீட் கோட்டுடன் நேராக இணைத்தால், இனி ஜிப் உட்காரப்போகும் உண்மையான நடுக்கோடு கிடைக்கிறது. சீட் கோட்டுக்குக் கீழே அது வளைந்து ஃபோர்க் முனைக்குப் போக வேண்டும். மூலையிலிருந்து சாய்வாக 1 அங்குலம் தள்ளி வளைவு கடந்தால் போதும். பக்கத்திலும் உள்காலிலும் புள்ளிகளை இணைக்கும்போது முட்டிக்கு மேலே உள்கால் கோட்டை இரண்டு நூல் உட்குழிவாகப் போடுங்கள்.

பின்பாகத்தை முன்பாகத்தின்மேலேயே வரையுங்கள்

புதியவர்கள் பின்பாகத்தைத் தனித்தாளில் வரைந்துவிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று வருந்துவார்கள். முன்பாகத்தின்மேலேயே வேறு நிறப் பென்சிலில் வரைந்தால் எது எங்கே விலகுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

கவட்டைக்கோட்டில் முன்பாகத்தின் இரண்டாவது நிலைக்கோட்டிலிருந்து ½ உள்ளேயும், இடுப்புக்கோட்டில் அதே நிலைக்கோட்டிலிருந்து 2¼ உள்ளேயும் புள்ளி வைத்து இரண்டையும் இணைத்து, இடுப்புக்கோட்டுக்கு மேலே 1¼ அங்குலம் உயரும்படி நீட்டுங்கள். இந்தச் சாய்வுதான் உட்காரும்போது பின்புறத்துக்கு நீளம் தருகிறது. சாய்வு போதாத பேன்ட்டில் குனிந்தால் பட்டி முதுகைவிட்டுக் கீழே இறங்கும். அளவுக்கு மீறினால் நிற்கும்போது பின்தொடையில் துணி மடிந்து தொங்கும். சாய்கோடு சீட் கோட்டை வெட்டும் இடத்திலிருந்து பக்கம் நோக்கி 10¼ அளந்து புள்ளி வையுங்கள். அது முன்பாகத்தின் பக்கக்கோட்டுக்கு வெளியே ஏறத்தாழ ஒன்றரை அங்குலத்தில் விழும். முன் 9¾, பின் 10¼, இரண்டும் சேர்ந்து பாதிச் சுற்றுக்கு 20, முழுச்சுற்றுக்கு 40. உடம்பு 38. இந்த 2 அங்குலத் தளர்வில்தான் அவர் உட்காரவும் மாடியேறவும் போகிறார்.

சாய்கோட்டின் உச்சியிலிருந்து முன்பாகத்தின் இடுப்புக்கோட்டு உயரத்தைத் தொடும்படி 8½ அளந்தால் பின் இடுப்பின் பக்கமுனை கிடைக்கும். அதில் ¾ அங்குலம் டார்ட் பிடித்துப் போக மீதி 7¾. முன் 8½, பின் 7¾, பாதிச் சுற்று 16¼, முழுச்சுற்று 32½. சட்டை உள்ளே போக அரை அங்குலம் இடம் விட்டிருக்கிறோம்.

ஃபோர்க்கை முன்பாகத்தின் ஃபோர்க் முனையிலிருந்து மேலும் 1¾ வெளியே நீட்டி, அந்த முனையை மட்டும் இரண்டு நூல் கீழே இறக்குங்கள். ஏன் இறக்க வேண்டும் என்பதை டேப் வைத்துப் பார்த்தால்தான் புரியும். பின் உள்கால் கோடு முன்பாகத்தைவிட அதிகம் சாய்ந்து வருவதால், இறக்காவிட்டால் அது நீண்டுவிடும். இறக்கியபின் ஃபோர்க்கிலிருந்து முட்டிவரை அளந்தால் இரண்டும் 13 அங்குலத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழச் சமமாக நிற்கும். பின்பாகத்துக்குக் கிரீஸ் கோட்டின் இருபுறமும் முட்டியில் 4¾, பாட்டத்தில் 4¼. பின்வளைவு மூலையிலிருந்து 1¾ தள்ளிக் கடக்கட்டும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முன், பின் உள்கால் கோடுகளை ஃபோர்க்கில் ஒட்டி வைத்துப் பாருங்கள். கவட்டை வளைவு படகின் அடிபோல ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், நடுவில் கூர்முனை தெரியக் கூடாது. பிறகு பக்கக்கோடுகளை முட்டியிலிருந்து மேலே அளந்து பாருங்கள். ஒரு நூல் வேறுபாட்டை இடுப்பில் சரிசெய்யலாம், அதற்குமேல் இருந்தால் வரைவில் எங்கோ பிழை இருக்கிறது.

தையல் இடமாகப் பக்கம், உள்கால், முன் நடுக்கோடு, கவட்டை வளைவு எல்லாவற்றுக்கும் ½ அங்குலம், பாட்டத்துக்கு 2½, இடுப்பு மேல்விளிம்புக்கு ½ விடுங்கள். பின் நடுவில் மட்டும் மேலே 1½ தொடங்கிக் கீழே ஃபோர்க்கை நெருங்கும்போது ½ ஆகக் குறைய வேண்டும். நாளை உடம்பு போட்டால் பிரித்துவிட அந்த இடம்தான் உதவும். கிராஸ் பாக்கெட்டுக்கு, முன்பாகத்தின் இடுப்பில் பக்கமுனையிலிருந்து 1½ உள்ளேயும், பக்கக்கோட்டில் 7½ கீழேயும் குறித்து இணையுங்கள். இந்தச் சாய்வுக்கு வெளியே மடிப்புக்காக 1 அங்குலம் விட்டு மூலையை வெட்டுங்கள். துணி இரண்டு மடிப்பாக இருக்கும்போதே இரு முன்பாகங்களிலும் நடுக்கோட்டைத் தளர்ந்த வெள்ளை நூலால் டாக்கா போட்டு வையுங்கள். சாக்பீஸ் கோடு அயர்ன் சூட்டில் மறையும், நூல் மறையாது. இடுப்பிலிருந்து 7 அங்குலம் கீழே, வளைவு தொடங்கும் இடத்தை ஒட்டி, ஒரு சிறு குறியும் இடுங்கள். ஜிப் திறப்பு அங்கே முடிகிறது.

பாக்கெட் முதலில்

பாக்கெட், ஜிப், பக்கத்தையல், பட்டி, உள்கால், பின்கவட்டை என்பதே வேலையின் வரிசை. பாக்கெட்டை முதலில் முடிப்பதால் துணி தட்டையாக மேஜையில் கிடக்கும்போதே அந்த வேலை நடந்துவிடும்.

பாக்கெட் துணியின் அகலத்தை மனம்போனபடி வெட்டக் கூடாது. முன் இடுப்பு 8½ அங்குலம். ஜிப் பக்கம் மேலே தெரியும் வளைதையல் நடுக்கோட்டிலிருந்து 1½ உள்ளே ஓடும். மீதி 7. பை 6½ அகலம் இருந்தால் அந்தத் தையலைத் தொடாமல் அரை அங்குலம் மிஞ்சும். நான் கற்றுக்கொண்ட காலத்தில், பை பெரிதாக இருந்தால் நல்லது என்று 7½ வைத்து வெட்டினேன். ஜிப் தையல் போட்டு முடித்து கட்டிங் மாஸ்டரிடம் காட்டியபோது அவர் எதுவும் சொல்லாமல் பாக்கெட்டுக்குள் கையைவிட்டார். பையின் மடிப்பு ஜிப் தையலோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. "பையை அளக்கும்போது ஜிப்பையும் சேர்த்து அளக்கணும்பா" என்றார். அன்று முழுவதும் அந்தத் தையலைப் பிரித்தேன்.

ஆகவே 6½-உடன் பக்கத்தையலுக்கு ½ சேர்த்து 7. மடித்து வெட்டுவதால் 14 அகலம், 12½ நீளம். மடிப்பு நடுக்கோட்டின் பக்கமும், திறந்த விளிம்பு பக்கத்தையலின் பக்கமும் இருக்கும். பையின் மேலடுக்கை மட்டும் பாக்கெட் சாய்வுக்கோட்டிலேயே வெட்டுங்கள். கீழடுக்கின்மேல் பேன்ட் துணியில் வெட்டிய சைடு பட்டி வர வேண்டும். நாம் வெட்டியெடுத்த மூலையை நிரப்பி, சாய்வுக்கு உள்ளே மேலும் 2½ அங்குலம் போகும் அளவுக்கு அது பெரிதாக இருக்கட்டும். அதன் உள்விளிம்பை ஓவர்லாக் அடித்துப் பையின்மீது தைத்துவிடுங்கள்.

பாக்கெட்டின் வாய் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் கையில் எடுத்தாலே இழுபடும். பாக்கெட் துணியின் கரையிலிருந்து மூன்று நூல் அகலத்தில் ஒரு நாடா கிழித்து, தாளிலுள்ள சாய்வின் நீளத்துக்கே வெட்டி, மடிப்புக்கோட்டின் உள்பக்கம் வைத்துத் தைத்தபின்தான் மடிக்க வேண்டும். நாடாவைத் துணிக்கு ஏற்ப நீட்டாதீர்கள்; துணி நீண்டிருந்தால் அதைத்தான் நாடாவுக்கு அடக்க வேண்டும். 1 அங்குல மடிப்பைத் தேய்த்து, மேலடுக்கின் வெட்டுவிளிம்பை மடிப்புக்குள் நுழைத்து, வெளியிலிருந்து இரண்டு நூல் தள்ளி ஒரு தையல் போடுங்கள். மடிந்து உள்ளே போன விளிம்பை ஓவர்லாக் அடித்துப் பையின்மீது மட்டும் தைத்துவிடுங்கள்.

பையின் அடியை இருமுறை தைக்க வேண்டும். முதலில் பையில் கை படும் பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து இரண்டு நூலில் தைத்து, பிசிறை வெட்டிவிட்டு, திருப்பி, மூன்று நூலில் மீண்டும் தைத்தால் நாணயமும் சாவியும் அறுக்காத அடி கிடைக்கும். பிறகு பாக்கெட் வாயைச் சைடு பட்டியின்மேல் அதன் பழைய இடத்தில் படுக்க வையுங்கள். இறுக்கமாகப் படுக்காமல், வாயின் நடுவில் ஒரு நூல் தளர்வு இருக்கட்டும். சீட் வளைவின்மேல் வரும் வாய், மேஜையில் கச்சிதமாகக் கிடந்தால் உடம்பில் பிளந்து நிற்கும். இடுப்பிலிருந்து ¾ கீழே ஒரு கட்டுத்தையல், அடியில் பக்கத்தையலுக்கு அரை அங்குலம் மேலே இன்னொன்று. நடுவில் ஆறரை அங்குலம் கை போக இடம் இருக்கும்.

ஜிப்

இரண்டு பட்டிகள் வேண்டும். இடதுபக்கத்துக்கு ஜிப் பட்டி. பேன்ட் துணியில் ஒற்றையாக, 2¼ அகலம், 8 நீளம், அடி வளைவாக, வெளிவிளிம்பு ஓவர்லாக் அடித்தது. வலதுபக்கத்துக்கு அடிப்பட்டி, பேன்ட் துணியும் பாக்கெட் துணியும் சேர்த்து இரட்டையாக, 2½ அகலம், 8½ நீளம். அதன் வெளிவிளிம்பையும் வளைந்த அடியையும் இரண்டு நூலில் தைத்துத் திருப்பித் தேய்த்து வையுங்கள். ஆண்கள் பேன்ட்டில் இடது வலதின்மேல் மூடும். இடது என்பது அணிபவரின் இடது.

ஜிப் பட்டியை இடது முன்பாகத்தின் நல்ல பக்கத்தோடு சேர்த்து வைத்து, நூல் டாக்காவின்மேலேயே, இடுப்பிலிருந்து குறிவரை தைத்து, குறியில் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்துங்கள். பிசிறைக் குறைத்து, பட்டியை உள்ளே திருப்பி, தையல் கண்ணுக்குத் தெரியாதபடி அரை நூல் உள்ளே உருட்டித் தேயுங்கள். இப்போது இடதுபக்கத்தின் விளிம்பே நடுக்கோடு. அடுத்து இரு முன்பாகங்களையும் நல்ல பக்கங்கள் சேர வைத்து, குறியிலிருந்து கவட்டை வளைவில் ஒன்றரை அங்குலம் மட்டும் தைத்து நிறுத்துங்கள். தொடக்கம் குறியில் மிகச் சரியாக விழ வேண்டும். ஒரு நூல் மேலே தொடங்கினால் அடியில் சுருக்கம். கீழே தொடங்கினால் ஓட்டை.

வலதுபக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இடதுபக்கத்தை நடுக்கோட்டில் மடித்ததுபோல வலதையும் நடுக்கோட்டில் மடித்தால், இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். நடந்தால் ஜிப் பல்லிளிக்கும். வலதுபக்கம் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு நூல் வெளியே வர வேண்டும். விட்டிருக்கும் ½ அங்குலத் தையல் இடத்தில் இரண்டு நூல் மட்டும் உள்ளே மடித்துத் தேய்த்தால், மீதி இரண்டு நூல் தானாகவே வெளியே நிற்கும். கீழே குறியை நெருங்கும்போது இந்த மடிப்பு மெல்லச் சாய்ந்து தையலோடு சேரட்டும்.

ஜிப்பின் வலது நாடாவை, முகம் மேலே பார்க்க, அடிப்பட்டியின் வெட்டுவிளிம்போடு ஒட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள தடுப்பு குறிக்கு மூன்று நூல் மேலே இருக்கட்டும். மேலே மிஞ்சும் நீளம் இடுப்பைத் தாண்டி நிற்கட்டும். மடித்த வலது விளிம்பை ஜிப் பற்களுக்கு ஒரு நூல் அருகில் வைத்து, ஒற்றைப்பக்கப் பாதம் மாட்டி, விளிம்பை ஒட்டித் தையுங்கள். இந்த ஒரு தையலில் முன்பாகம், ஜிப் நாடா, அடிப்பட்டி மூன்றும் சேர்ந்துவிடும்.

இப்போது ஜிப்பை மூடி, பேன்ட்டை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் படுக்க வையுங்கள். இடது விளிம்பைக் கொண்டுவந்து வலதுபக்கத்து நூல் டாக்காவின்மேல் வையுங்கள். விளிம்பு டாக்காவை மேலிருந்து கீழ்வரை மூடினால் ஜிப் மூன்று நூல் ஆழத்தில் மறைந்திருக்கும். இரு பக்கத்து இடுப்புக்கோடுகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, கைத்தையலால் மூடிவிடுங்கள். அப்படியே திருப்பிப் போட்டு, அடிப்பட்டியை ஒதுக்கிவிட்டு, ஜிப்பின் இடது நாடா எங்கே தானாகப் படுக்கிறதோ அங்கேயே ஜிப் பட்டியோடு மட்டும் இரண்டு வரிசை தையுங்கள். நாடாவை இழுக்கவே கூடாது. இழுத்துத் தைத்தால் தையல் முடிந்ததும் நாடா சுருங்கி, மேல்துணி ஜிப்பின் அடியில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்பு எவ்வளவு தேய்த்தாலும் அடங்காது. இடது நாடாவைப் பிரித்து மீண்டும் வைப்பதுதான் வழி.

பின்னர் வெளியிலிருந்து, இடது விளிம்புக்கு 1½ உள்ளே அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்துக் கோடு போட்டு, அடிப்பட்டி மாட்டாமல் விலக்கிப் பிடித்து, மேலிருந்து இறங்கிக் குறிவரை வளைத்துத் தையுங்கள். வளைவு வரும் இடத்தில் ஜிப்பின் தடுப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி அதில் பட்டால் முனை முறியும். கடைசியாக அடிப்பட்டியைத் தன் இடத்துக்குக் கொண்டுவந்து, வளைவின் முடிவில் எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரு கட்டுத்தையல் போட்டால், இழுபடும் பாரத்தைத் தையல் முனை தாங்காமல் அந்தக் கட்டே தாங்கும்.

இடுப்புப்பட்டி

பின்பாகத்தின் டார்ட்டுகளையும் பக்கத்தையல்களையும் தைத்தபின் பட்டிக்கு வரலாம். பட்டியை ஒரே துண்டாக வைத்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்க முடியாது. ஆகவே இடது, வலது என்று இரண்டு துண்டுகள்; ஒவ்வொன்றையும் அந்தந்தப் பக்கத்தோடு சேர்த்துவிட்டு, பின்கவட்டைத் தையல் பட்டியின் உச்சிவரை ஓடும்படி கடைசியில் இணைக்க வேண்டும். பாதிச் சுற்று 16¼. இடது பட்டிக்கு முன்னால் ½, பின்னால் 1½ சேர்த்து 18¼. வலது பட்டி நடுக்கோட்டைத் தாண்டி அடிப்பட்டியின் விளிம்புவரை போக வேண்டும் என்பதால் இன்னும் 2¼ சேர்த்து 20½ ஆக வெட்டி, தைக்கும்போது அடிப்பட்டிக்குச் சரியாக முடித்துக்கொள்ளுங்கள். அகலம் 2½, நடுவில் 1½ அகலக் கேன்வாஸ் ஒட்டப்படும். உள்பட்டிக்கு 3 அங்குலத் துண்டு, கீழ்விளிம்பு ஓவர்லாக் அடித்தது.

ஜிப்பின் தலையை முதலில் கீழே இறக்கிவிடுங்கள். அதை மறந்து மேலே மிஞ்சிய நாடாவை வெட்டினால் தலை கையோடு வந்துவிடும். இறக்கிய நிலையில் பட்டியை இடுப்பில் தைத்து, தையல் நாடாவைக் கடந்தபின், அதற்கு அரை அங்குலம் மேலே மிச்சத்தை வெட்டலாம். லூப்புகள் ஆறும் பட்டி தைக்கும் முன்பே இடுப்பு விளிம்பில் குத்தப்பட்டிருக்க வேண்டும். முன் லூப் பாக்கெட் வாய்க்குச் சற்று முன்னால் வரட்டும்.

பட்டியின் முன்முனையில் கேன்வாஸை முடியும் இடத்துக்கு ஒரு நூல் முன்பாகவே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மூலை திரும்பாமல் உருண்டையாக நிற்கும். உள்பட்டியை மேல்விளிம்பில் இணைப்பதற்கு முன் கொக்கியை இடது பட்டியின் உள்பக்கம், முனையிலிருந்து ½ தள்ளி, கேன்வாஸையும் சேர்த்துப் பிடிக்கும்படி பதிக்க வேண்டும். கேன்வாஸில் பிடிக்காத கொக்கி பெல்ட் இழுப்பில் சில நாட்களிலேயே துணியைக் கிழித்துக்கொண்டு வரும். எதிர்க்கம்பியை அளந்து வைக்காதீர்கள். ஜிப்பை மூடி, இடது பட்டியின் முனையை வலது பட்டியில் தொடரும் நடுக்கோட்டின்மேல் வைத்து, கொக்கி எங்கே அழுத்துகிறதோ அங்கே குறியுங்கள். உள்பட்டி கீழே ஒரு அங்குலம் தொங்கட்டும். வெளியிலிருந்து பட்டியும் பேன்ட்டும் சேரும் தையல் பள்ளத்துக்குள் ஊசியை ஓட்டினால் உள்ளே அது பிடித்துக்கொள்ளும், வெளியே எதுவும் தெரியாது.

மூடிப் பார்க்கும்போது இடது முனை ஒரு நூல் ஏறியிருந்தால் பட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். ஜிப்பை மூடிக் கைத்தையல் போட்டபோது இடுப்புக்கோடுகள் நேராக இல்லை என்பதே காரணமாக இருக்கும். பட்டியைப் பிரித்து வெட்டி ஒட்டவைப்பவர்கள் அந்த ஒரு நூலைச் சரிசெய்து, கொக்கி மாட்டியதும் முன்பக்கம் முழுவதும் கோணுவதைக் காண்பார்கள்.

இணைத்துப் பார்ப்பது

இரு கால்களின் உள்கால் தையலை முடித்து, ஒரு காலை மற்றதற்குள் நுழைத்து, முன்பு நிறுத்திய ஒன்றரை அங்குலத்திலிருந்து தொடங்கிப் பின்பட்டியின் உச்சிவரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். வளைவில் துணியைச் சற்றே இழுத்துப் பிடித்துத் தைத்து, அதே கோட்டில் இரண்டாவது தையலும் போடுங்கள். இழுக்காமல் தைத்த கவட்டை, பைக்கில் ஏறும்போதே நூல் அறுந்து பிரியும்.

பாட்டத்தை மடிப்பதற்கு முன் அவரை அணியச் சொல்லி, நிற்கவும், தாழ்வான ஸ்டூலில் உட்காரவும் வையுங்கள். பின்தொடையிலிருந்து ஃபோர்க்கை நோக்கி இழுப்புக் கோடுகள் ஓடினால் பின் ஃபோர்க் போதவில்லை. உள்காலின் உச்சியில் விட்ட தையல் இடத்திலிருந்து இரண்டு நூல் விட்டுக்கொடுத்துத் தைத்து, தாளில் அடுத்த முறைக்கு 1¾-ஐ 2 ஆக்கிக்கொள்ளுங்கள். உட்காரும்போது பின்பட்டி இறங்கினால் தைத்த பேன்ட்டில் செய்யக்கூடியது குறைவு. தாளில் 1¼ உயரத்தை 1¾ ஆக்குங்கள். இந்த அளவுக்குத் தைத்த பேன்ட்டில் என் தங்கை மகனுக்கு முதல் குறைதான் வந்தது. இரண்டு நூல் விட்டதும் கோடுகள் மறைந்தன. அவர் அணியும் செருப்போடு நிற்க வைத்துப் பாட்டத்தைக் குறித்து, 2½ அங்குலத்தை உள்ளே மடித்துக் கையால் எம்மிங் போட்டேன்.